சரக்கு சும்மா உக்காந்திருந்தா வருஷத்துக்கு எத்தனை பர்சென்ட் செலவு? அதை வெச்சு ஆர்டர் போடுறது எப்படி?

எங்க குடோன்ல மூணாவது ரேக்குல மேல் தட்டுல ஒரு அட்டைப்பெட்டி ரொம்ப நாளா இருந்துச்சு, வெளிய ஸ்கெட்ச் பேனாவுல "5/2019" னு எழுதியிருக்கும், உள்ள பழைய மாடல் மோனோபிளாக் பம்ப்புக்கான இம்பெல்லர். 24 வாங்கியிருக்கோம், முதல் ரெண்டு வருஷத்துல 13 வித்துச்சு, அப்புறம் பம்ப் கம்பெனிக்காரங்க மாடலை மாத்திட்டாங்க, மிச்சம் 11 அப்படியே நின்னுடுச்சு. ஒண்ணு 1,400 ரூபா. 24ஆ எடுத்தா ஒவ்வொண்ணுக்கும் 100 ரூபா கம்மின்னு சொன்னதால எடுத்தது, மொத்தமா மிச்சம் பண்ணது 2,400, நின்னுபோனது 15,400.

நான் கோயம்புத்தூர்ல பம்ப் ஸ்பேர்ஸ் கடை ஒண்ணுல கணக்கும் பர்ச்சேஸும் பாக்குறேன். புதுசா கடை போடுறவங்க, இல்ல ஸ்டோர்ஸ் வேலைக்கு வர்ற பசங்க எங்கிட்ட அடிக்கடி கேக்குறது "எவ்வளவு ஆர்டர் போடணும்ணே" ன்னுதான். அதுக்கு முன்னாடி ஒரு நம்பர் தெரிஞ்சாகணும்: 100 ரூபா சரக்கை ஒரு வருஷம் வெச்சிருந்தா நமக்கு எத்தனை ரூபா செலவாகுது. அந்த பர்சென்ட்டை எப்படி கண்டுபிடிக்கறது, கண்டுபிடிச்சு என்ன பண்றதுன்னு எங்க கடை கணக்கை வெச்சே சொல்றேன், நம்பரை கொஞ்சம் ரவுண்டு பண்ணியிருக்கேன்.

இந்த செலவு லாப நஷ்டக் கணக்குல ஒரே இடத்துல வராது, அதனாலதான் யாருக்கும் கண்ணுல படறதில்ல. வட்டி பேங்க் கணக்குல போயிடும், குடோன் வாடகை வாடகையோட சேந்துடும், இன்சூரன்ஸ் தனியா ஒரு வரி, செத்துப்போன சரக்கு வருஷக் கடைசில ஸ்டாக் மதிப்பு போடும்போது சத்தமில்லாம குறையும். நாலு இடத்துல சிதறிக் கிடக்குறதை நாமதான் பொறுக்கி ஒண்ணா சேக்கணும்.

முதல்ல சராசரி ஸ்டாக் எவ்வளவுன்னு எடுங்க

பர்சென்ட் போடணும்னா கீழ வகுக்க ஒரு தொகை வேணும், அது வருஷத்தோட சராசரி ஸ்டாக் மதிப்பு. இங்கதான் நிறைய பேர் மார்ச் 31 ஸ்டாக்கை எடுத்து போட்டுடறாங்க, ஏன்னா ஆடிட்டர் ரிப்போர்ட்ல அதுதான் கைக்கு கெடைக்கும். எங்க தொழில்ல மார்ச் 31னா கோடைக்கு சரக்கு குமிச்சு வெச்சிருக்கிற நேரம், அன்னைக்கு 31 லட்சம் இருக்கும், ஆனா 12 மாசக் கடைசி ஸ்டாக்கையும் கூட்டி 12ஆல வகுத்தா 24 லட்சம்தான் வருது. 31ஆல வகுத்தா வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் கம்மி பர்சென்ட்டா தெரிஞ்சு நம்மள ஏமாத்திடும். டேலியில மாசவாரியா குளோசிங் ஸ்டாக் பாக்கலாம், பத்து நிமிஷ வேலை.

மதிப்புன்னு சொல்றது வாங்குன விலை, எம்.ஆர்.பி. இல்ல. ஜி.எஸ்.டி. கிரெடிட் எடுத்துக்கறவங்க வரி இல்லாத விலையை எடுங்க. லாரி வாடகை நீங்க குடுத்து வாங்குறீங்கன்னா அதையும் விலையோட சேத்துக்குங்க.

வட்டி

எங்களுக்கு சி.சி. அக்கவுன்ட்ல, அதாவது சரக்கை ஈடா காட்டி வேணும்போது எடுத்து, கைக்கு வந்தப்ப கட்டுற பேங்க் கடன்ல, 11% வட்டி. ஸ்டாக் 24 லட்சத்துல பாதிதான் பேங்க் பணம், மிச்சம் ஓனரோட சொந்தப் பணம், கொஞ்சம் சப்ளையர் கடன். அப்போ பாதிக்கு மட்டும்தான வட்டி போடணும்னு எங்க ஓனர் அண்ணாவும் கேட்டார். "சொந்தப் பணத்துக்கு எதுக்குங்க தம்பி வட்டி, நான் யாருக்குங்க கட்டுறேன்?" ன்னார். நான் சொன்னது இதுதான்: "அண்ணா, நாளைக்கு ஒரு லட்ச ரூபா சரக்கை கொறச்சோம்னு வெச்சுக்குங்க, அந்தப் பணம் எங்கீங்ணா போகும்? சி.சி.லதான் கட்டுவோம். கட்டுனா வருஷத்துக்கு 11,000 வட்டி கொறையுது. அப்போ அந்த ஒரு லட்சம் சரக்கு இருக்கிறதால நமக்கு 11,000 செலவுதானுங்களே." சி.சி.ல பணம் எடுத்திருக்கிற வரைக்கும், சரக்குல முடங்குற ஒவ்வொரு ரூபாவுக்கும் சி.சி. வட்டிதான் விலை, அது யார் பணமா இருந்தாலும். கடனே இல்லாத கடைன்னா அந்தப் பணத்தை வேற எங்க போட்டா எவ்வளவு வரும்னு பாத்து அந்த ரேட்டை போடுங்க, கண்டிப்பா பூஜ்யம் போடாதீங்க.

பேங்க்ல மாசாமாசம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் குடுக்கறவங்களுக்கு இன்னொரு விஷயம். ஸ்டாக்ல கிரெடிட்டர் பாக்கியைக் கழிச்சு, மார்ஜின் 25% புடிச்சு, மிச்சத்துக்குத்தான் பணம் எடுக்க விடுவாங்க, அது தெரிஞ்சதுதான். ஆனா ரொம்ப நாள் நின்ன சரக்கை நிறைய பேங்க்ல கணக்குலயே சேக்க மாட்டாங்க, 90 நாளா 180 நாளான்னு உங்க சாங்ஷன் லெட்டர்ல இருக்கும், எடுத்துப் படிங்க. அப்படி வெளிய தள்ளுன சரக்குக்கு பேங்க் காசு ஒரு பைசா வராது, முழுக்க கைக்காசு. அந்த இம்பெல்லர் பெட்டி மாதிரி.

நம்ம கணக்குல 24 லட்சத்துக்கு 11%, அதாவது 2,64,000.

இடம்

குடோன் வாடகை மாசம் 9,000, வருஷத்துக்கு 1,08,000. கூடவே ரேக் ரிப்பேர், எலி, கரையான் மருந்து, வருஷத்துக்கு ரெண்டு தடவை ஸ்டாக் எண்ணும்போது குடுக்கிற கூலி எல்லாம் சேந்து 12,000. மொத்தம் 1,20,000, 24 லட்சத்துக்கு 5%.

கடையோட முன்பக்க வாடகையை இதுல சேக்காதீங்க, ஸ்டாக் பாதியானாலும் அந்தக் கடை வேணும். சேக்கலாமா வேண்டாமான்னு சந்தேகம் வந்தா ஒரே கேள்விதான் கேக்கணும்: ஸ்டாக் கொறஞ்சா இந்தச் செலவு கொறையுமா? குடோன் சொந்த இடமா இருந்து, சும்மா கிடந்தா யாரும் வாடகைக்கு எடுக்க மாட்டாங்கன்னா, உண்மையில இடச் செலவு உங்களுக்கு கம்மிதான். ஆனா குடோன் நிரம்பி வழிஞ்சு அடுத்த குடோன் தேடுற நிலைமைன்னா, நீங்க நினைக்கறதை விட ஜாஸ்தி.

இன்சூரன்ஸ்

இது சின்ன நம்பர். தீ, வெள்ளம், திருட்டு எல்லாம் சேத்து எங்களுக்கு பிரீமியம் 7,200, அதாவது 0.3%. பர்சென்ட்டுக்கு இது பெருசா ஒண்ணும் பண்ணாது, ஆனா ஒரு தப்பு மட்டும் சொல்லிட்டு போயிடறேன். பிரீமியத்தை கம்மி பண்ண சிலர் 20 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்து வெச்சிருப்பாங்க. மார்ச்ல 31 லட்சம் சரக்கு இருக்கும்போது தீப்பிடிச்சு 6.2 லட்சம் நஷ்டம்னா, 20 லட்சத்துக்குள்ளதான இருக்கு, முழுசா வரும்னு நினைப்பாங்க. வராது. 31க்கு 20ன்னு விகிதம் போட்டு 4 லட்சம்தான் குடுப்பாங்க. 2021 ஏப்ரல்ல இருந்து 5 கோடி வரைக்கும் உள்ள சின்ன இடங்களுக்கு வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில 15% வரைக்கும் கொறச்சு எடுத்திருந்தா கண்டுக்க மாட்டாங்க, அதுக்கு மேல போனா அதே விகிதக் கணக்குதான். அதனால பாலிசியை சராசரி ஸ்டாக்குக்கு எடுக்காதீங்க, ஸ்டாக் உச்சத்துல இருக்கிற மாசத்துக்கு எடுங்க.

செத்த சரக்கு

இதுதான் கஷ்டமான பகுதி, இதுக்குத்தான் யாரும் ரசீது குடுக்கறதில்ல. வட்டிக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கு, வாடகைக்கு பில் இருக்கு, இம்பெல்லர் செத்துப்போச்சுன்னு யாரும் வந்து சொல்ல மாட்டாங்க.

நான் பண்றது இப்படி. ஐட்டம்வாரியா கடைசியா வித்த தேதியை எடுத்து ஒரு ஷீட்ல போடுவேன், கடைசியா வாங்குன தேதி இல்ல, வித்த தேதி. 12 மாசமா ஒண்ணுகூட போகாததை எல்லாம் மேல கொண்டு வந்து, குடோனுக்குப் போயி ஒவ்வொண்ணையும் கையில எடுத்துப் பாப்பேன். ரப்பர் ஆயில் சீலை வளைச்சுப் பாத்தா வெடிப்பு விடுதான்னு தெரிஞ்சிடும், கபாசிட்டர்ல மேல உப்பியிருக்கும், பேரிங் கவர் கிழிஞ்சிருந்தா உள்ள கிரீஸ் காஞ்சு துரு ஏறியிருக்கும். கம்ப்யூட்டர்ல பாத்தா எல்லாம் புது விலையிலேயே உக்காந்திருக்கும், கையில எடுத்தாத்தான் உண்மை தெரியும்.

போன வருஷம் எங்களுக்கு வந்த கணக்கு: பழைய மாடல் சாமான்களை எடைக்கும், அடிமாட்டு விலைக்கும் தள்ளுனதுல, வாங்குன விலைக்கு கீழ போன நஷ்டம் 84,000. முழுசா குப்பைக்குப் போன ரப்பர் சாமான் 40,000. குப்பைக்குப் போட்டதுக்கு இன்னொரு அடியும் உண்டு: அழிஞ்சது, திருடுபோனது, கணக்குல இருந்து எழுதித் தள்ளுனது எதுக்கும் ஜி.எஸ்.டி. கிரெடிட் கெடையாது, சட்டத்துல 17(5) பிரிவுல இருக்கு, அதனால 40,000க்கு எடுத்திருந்த 18% கிரெடிட் 7,200ஐ திருப்பிக் கட்டுனோம். பத்து ரூபாவுக்காவது பில் போட்டு வித்திருந்தா இந்தப் பிரச்சனை வந்திருக்காது, அதனால குப்பைக்குப் போடறதுக்கு முன்னாடி எடைக்காவது எடுக்க ஆள் இருக்கான்னு பாத்துடுங்க. அப்புறம் எண்ணும்போது காணாமப்போனது 24,800, அதுக்கும் கிரெடிட் திருப்பணும், அந்தத் தொகையை இதுலயே சேத்துட்டேன். எல்லாம் சேத்து 1,56,000, அதாவது 6.5%.

ஒரு வருஷத்தை மட்டும் வெச்சு இந்த நம்பரை முடிவு பண்ணாதீங்க, சிலர் மூணு வருஷக் குப்பையை ஒரே தடவையில தள்ளுவாங்க, அந்த வருஷம் 15% வரும், அடுத்த வருஷம் 1% வரும். மூணு வருஷ சராசரி எடுங்க.

மொத்தம்: 2,64,000 + 1,20,000 + 7,200 + 1,56,000 = 5,47,200. 24 லட்சத்துக்கு 22.8%, சரி 23%னு வெச்சுக்கலாம். மாசத்துக்கு கிட்டத்தட்ட 2%. பேங்க் வட்டி மட்டும்தான் செலவுன்னு நினைச்சிட்டிருந்த இடத்துல அதை விட ரெண்டு மடங்குக்கும் மேல.

ஒரே பர்சென்ட்டை எல்லா சரக்குக்கும் போடாதீங்க

23%ங்கறது கடை முழுக்கோட சராசரி. ஆர்டர் போடும்போது அது நேரா உதவாது, ஏன்னா வட்டி மட்டும்தான் ரூபாவுக்கு ரூபா ஒரே மாதிரி, மத்த மூணும் சரக்குக்கு சரக்கு மாறும். எனக்கே இது ரொம்ப லேட்டாத்தான் உறைச்சுது.

பி.வி.சி. பைப்பை எடுத்துக்குங்க. எங்க குடோன்ல பாதி இடத்தை பைப்தான் அடைச்சிட்டிருக்கு, ஆனா மதிப்பு சராசரியா 3 லட்சம்தான். பாதி வாடகை 54,000ஐ 3 லட்சத்தால வகுத்தா இடச் செலவு மட்டுமே 18%! வட்டி 11, இன்சூரன்ஸ், உடைஞ்சது, வெயில்ல வெளுத்தது சேத்து ஒரு 2, ஆக மொத்தம் 31%. மிச்ச 66,000 இடச் செலவை மத்த 21 லட்சம் சரக்குக்குப் பிரிச்சா 3%தான் வருது. வாடகை சரக்கோட விலையைப் பாத்து வாங்கறதில்ல, அது அடைக்கிற இடத்தைப் பாத்து வாங்குது.

வைண்டிங் காப்பர் வயர் அப்படியே எதிர்ப்பக்கம். ஒரு ரேக்ல ரெண்டு மூணு லட்சம் வெச்சிடலாம், செத்துப்போகாது, நாளைக்கே பழைய காப்பர் விலைக்காவது போகும். வட்டியோட இன்னும் ரெண்டு பர்சென்ட் சேத்து 13%ன்னு போட்டா போதும். அதுல விலை ஏறி இறங்குறது வேற ரிஸ்க், அதை இதுல கலக்காதீங்க.

மெக்கானிக்கல் சீல்ல வேகமா ஓடுற சைஸ் இருக்கு, அது வட்டி 11, இடம் 3, மிச்சம் நாலுன்னு 18% போடுறேன். அதே சீல்ல ஓடாத சைஸுக்கும், பழைய மாடல் இம்பெல்லருக்கும் செத்த சரக்கு பங்கு மட்டுமே 20% வரும், அதனால 35%. இப்படி நாலு கூட்டமா பிரிச்சா போதும், ஐட்டம் ஐட்டமா உக்காந்து போடணும்னு இல்ல.

எவ்வளவு ஆர்டர் போடறது

1913ல அமெரிக்காவுல ஃபோர்டு ஹாரிஸ்னு ஒருத்தர் போட்ட கணக்கு, இன்னைக்கும் அதுதான் அடிப்படை. யோசனை சிம்பிள்: அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா வாங்குனா ஆர்டர் செலவு ஏறும், எப்பயாவது மொத்தமா வாங்குனா வெச்சிருக்கிற செலவு ஏறும், ரெண்டும் சமமா வர்ற இடத்துல மொத்தச் செலவு கம்மி.

```
Q = sqrt(2 * D * S / (i * C))
```

D வருஷ விற்பனை எண்ணிக்கை, S ஒரு தடவை ஆர்டர் போடுற செலவு, i நம்ம பர்சென்ட், C ஒரு சாமானோட விலை. ஷீட்ல B1 முதல் B4 வரைக்கும் இதே வரிசையில போட்டு வெச்சா:

```
=SQRT(2*B1*B2/(B3*B4))
```

வேகமா ஓடுற அந்த சீல் வருஷத்துக்கு 1,200 போகுது, விலை 180. ஆர்டர் செலவு 250 போட்டிருக்கேன், அதுல லாரி ஆபீஸ் மினிமம் சார்ஜ், அங்கிருந்து ஆட்டோ, இறக்குற கூலி அவ்வளவுதான். என் சம்பளத்தை சேக்கல, ஆர்டர் ஒண்ணு கம்மியா போட்டா யாரும் என் சம்பளத்தை கொறைக்கப் போறதில்ல. பர்சென்ட் 18, அதாவது 0.18. விடை 136. பெட்டிக்கு 20ன்னு வருது, அதனால 140.

சரியா 140தான் வாங்கணும்னு புடிவாதம் வேண்டாம். ஒரு சீலை வருஷம் பூரா வெச்சிருக்க 32 ரூபா 40 பைசா. 140ஆ வாங்குனா ஆர்டர் செலவும் வெச்சிருக்கிற செலவும் சேந்து வருஷத்துக்கு 4,411 ரூபா, 120ஆ வாங்குனா 4,444, 200ஆ வாங்குனாலும் 4,740தான். பெரிய வித்தியாசமே இல்ல. ஆனா ஆறு மாசத்துக்கு மொத்தமா 600 எடுத்தா 10,220. பர்சென்ட்ல நாலஞ்சு புள்ளி தப்பாப் போட்டாலும் ஆர்டர் அளவு பெருசா மாறாது, 18க்கு பதிலா 23 போட்டிருந்தா 136க்கு 120 வந்திருக்கும், அவ்வளவுதான். அதனால பர்சென்ட்டை பைசா சுத்தமா கண்டுபிடிக்கறேன்னு மாசக்கணக்குல உக்காராதீங்க. வட்டியை மட்டும் பாத்துட்டு மிச்சத்தை விட்டுடறதும், பைப்புக்கும் காப்பருக்கும் ஒரே நம்பர் போடறதும்தான் உண்மையில அடிக்கும்.

எப்போ ஆர்டர் போடறதுங்கறது வேற கணக்கு, சப்ளையர் எத்தனை நாள்ல அனுப்புவார், கோடையில எவ்வளவு இழுக்கும்ங்கறதைப் பொறுத்தது. ஆனா அங்கயும் இந்த 32.40 உதவும்: அவசரத்துக்கு எப்பவும் 50 சீல் கூட இருக்கட்டும்னா அதுக்கு வருஷத்துக்கு 1,620 ரூபா. மோட்டாரைக் கழட்டிப் போட்டுட்டு தோட்டத்துல தண்ணி இல்லாம நிக்கிற விவசாயி வந்து கேக்கும்போது இல்லன்னு சொல்றதை விட அது எனக்கு மலிவாத்தான் படுது.

ஸ்கீம் வரும்போது

மார்ச் கடைசில டார்கெட் முடிக்க ரெப் ஃபோன் பண்ணுவாங்க. "600 எடுத்துக்குங்க, 5% கம்மி, ஆனா கேஷ்." ஓனர் அண்ணா உடனே "1,08,000க்கு 5,400 ரூபா மிச்சம், எடுத்துப்போட்டுறலாமுங்க தம்பி"ன்னார். இந்த இடத்துல பெரிய ஃபார்முலா எதுவும் வேண்டாம், மனக்கணக்கே போதும். சரக்கு வழக்கத்தை விட சராசரியா எத்தனை மாசம் கூட உக்காரும்ங்கறதுதான் கேள்வி.

600 சீல் ஆறு மாசம் ஓடும், வழக்கமா வாங்குற 140 ஒன்னரை மாசத்துக்கு கொஞ்சம் கம்மி, 1.4 மாசம். வாங்குனதுல முதல் சீல் அன்னைக்கே போகும், கடைசி சீல் ஆறாவது மாசம் போகும், அதனால சராசரின்னா பாதி. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துல பாதி, அதாவது 4.6ல பாதி 2.3 மாசம் கூட உக்காரும். 18%னா மாசத்துக்கு 1.5%, ஆக 3.45%. அடுத்தது கடன்: வழக்கமா 45 நாள் கடன் தர்ற சப்ளையர் இதுக்கு கேஷ் கேக்கறார், ஒன்னரை மாச வட்டி 11% கணக்குல 1.4% போச்சு. ரெண்டும் சேந்து 4.85%. வர்றது 5%. மூணு ஆர்டர் செலவு மிச்சமாகுது, அது ஒரு 750 ரூபா, 0.7%. கடைசில கையில நிக்கிறது 1%க்கும் கம்மி, ஆயிரம் ரூபாகூட இல்ல. 5,400 எங்க, 900 எங்க!

அதுவும் ஆறு மாசத்துல வித்துடும்னு நம்புனாத்தான். எங்களுக்கு மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும் நல்லா ஓடும், மழை புடிச்சு கெணத்துல தண்ணி ஏறிடுச்சுன்னா ரிப்பேர் கொறஞ்சிடும். அந்த 600 ஓட எட்டு மாசம் ஆச்சுன்னா கூட உக்கார்ற நேரம் 3.3 மாசம், செலவு 4.95%, கடனோட சேத்து 6.35%. ஆர்டர் மிச்சத்தைக் கழிச்சாலும் கையிலிருந்து 600 ரூபாக்கு மேல போகுது. இதை நான் அண்ணாகிட்ட ஒரு பழைய பில்லு பின்னாடி எழுதிக் காமிச்சேன், அவர் ரெப்புக்கு ஃபோன் போட்டு "280 எடுத்துக்கறேனுங்க, 3% குடுங்க, கடன் அப்படியே இருக்கட்டும்"னார், அவரும் சரின்னுட்டார். 280ன்னா கூட உக்கார்றது 0.7 மாசம்தான், செலவு 1%, 2% சுத்தமா மிச்சம். ஸ்கீம்ல பர்சென்ட்டை ஏத்தச் சொல்லிக் கேக்கறதை விட அளவைக் கொறச்சு, கடன் நாளைக் காப்பாத்திக்கறது நமக்கு எப்பவும் சுலபமா கெடைக்குது.

பைப்புக்கு இதே கணக்கை போட்டுப் பாருங்க. மாசாமாசம் வாங்குறதை நாலு மாசத்துக்கு ஒரே லாரியா இறக்குனா 3% தள்ளுபடி, 30 நாள் கடன் கிடையாது. கூட உக்கார்றது ஒன்னரை மாசம், 31%னா மாசத்துக்கு 2.6%, ஆக 3.9%. கடன் போனது 0.9%. மொத்தம் 4.8%, வர்றது 3%. 23% போட்டிருந்தா 2.9 + 0.9 = 3.8%ன்னு வந்து, ஏதோ கொஞ்சம்தான கம்மி, பேசி 4% வாங்கிடலாம்னு தோணியிருக்கும். அதுவுமில்லாம நாலு மாச பைப்பு குடோன்ல கொள்ளாது, வெளிய வெயில்ல போட்டு தார்ப்பாய் மூடணும், அப்போ அந்த 31% கூட பத்தாது.

இப்போ அந்த இம்பெல்லர். வருஷத்துக்கு 6 போகும்னு கணக்கு, 24 வாங்குனா நாலு வருஷம், சராசரி ஒண்ணு ரெண்டு வருஷம் உக்காரும். 35%னா ரெண்டு வருஷத்துக்கு 70%, 33,600 ரூபா சரக்குக்கு 23,520 செலவு. எல்லாமே வித்திருந்தாக்கூட எங்க மார்ஜின் 25%தான், 8,400. வாங்குன அன்னைக்கே நஷ்டம், மாடல் மாறுனதால இல்ல. இப்போ இந்த மாதிரி ஐட்டத்தை ஸ்டாக்கே வெக்கறதில்ல, கஸ்டமர் கேட்டா அட்வான்ஸ் வாங்கிட்டு ரெண்டு நாள்ல வரவழைச்சு தர்றோம். கொரியர் 120 ரூபா ஆகும், அதை விலையில சேத்து சொல்லிடுவேன், யாரும் கோவிச்சுக்கறதில்ல.

எங்க கடையில இப்போ ஃபோன் பக்கத்துல ஒரு அட்டை ஒட்டியிருக்கு. நாலு கூட்டம், ஒவ்வொண்ணுக்கும் மாசத்துக்கு எத்தனை பர்சென்ட்: காப்பர் 1.1, ஓடுற சாமான் 1.5, பைப் 2.6, ஓடாதது 2.9. ஓரத்துல கடன் நாளுக்கு மாசம் 0.9. பேங்க் வட்டி மாறுனா, குடோன் மாறுனா, இல்ல ஏப்ரல்ல செத்த சரக்கு லிஸ்ட் முடிஞ்சா அட்டையை மாத்தி எழுதறோம். ரெப் ஃபோன் பண்ணும்போது யார் எடுத்தாலும் கேக்கறது எத்தனை மாசச் சரக்கு, எத்தனை பர்சென்ட், கடன் உண்டா இல்லையா, இந்த மூணுதான். பதிலை அட்டையில பாத்து அங்கயே சொல்லிடறாங்க.